வெப்பப் பரிமாற்றியின் உரிமைகோரலைத் தமிழாக்குவது எப்படி: எல்லைக்கல் நகராமல், படிப்படியாக

காப்புரிமை ஆவணத்தில் விளக்கவுரை, படங்கள், சுருக்கம் என்று எத்தனை பக்கங்கள் இருந்தாலும், எது யாருக்குச் சொந்தம் என்பதை முடிவு செய்வது கடைசியில் வரும் உரிமைகோரல்தான். நிலப்பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதைப் போன்றது அது. வீட்டை வர்ணிக்கும் பத்தியில் ஒரு சொல் பிசகினால் சிரித்துவிட்டுப் போகலாம். நான்கெல்லையில் பிசகினால் நிலமே மாறிவிடும்.

இந்த எல்லை இரண்டு பக்கமும் நகரக்கூடியது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் கூடினால் பெரும்பாலும் எல்லை சுருங்கும், ஒரு நிபந்தனை விடுபட்டால் விரியும். மூலம்தானே செல்லும், மொழிபெயர்ப்பில் தவறு இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 70-ஆம் உறுப்பைப் பாருங்கள். நடவடிக்கை நடந்த மொழியில் உள்ள பாடமே அதிகாரபூர்வமானது என்று முதலில் சொல்கிறது. அப்புறம், மொழிபெயர்ப்பு தரும் பாதுகாப்பு மூலத்தைவிடக் குறுகலாக இருந்தால், அந்தக் குறுகிய மொழிபெயர்ப்பையே தன் நாட்டில் அதிகாரபூர்வமாகக் கொள்ள உறுப்பு நாடுகளுக்கு இடம் தருகிறது. அப்படிச் சட்டம் செய்துகொண்ட நாட்டில், மொழிபெயர்ப்பாளர் தெரியாமல் சேர்த்த ஒரு சொல் உரிமையாளரின் நிலத்தில் ஒரு துண்டை வெட்டிவிடும்.

இனி ஒரு மாதிரிக் கோரலை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். ஷெல் அண்டு டியூப் வகை வெப்பப் பரிமாற்றி: ஒரு கூட்டுக்குள் டியூப் கட்டு, டியூப் முனைகளைப் பிடித்திருக்கும் டியூப் ஷீட், டியூபுக்குள் ஒரு பாய்மம், வெளியே கூட்டுக்குள் இன்னொன்று, அதை வளைந்து வளைந்து ஓடவைக்கப் பேஃபிள்கள். கோரலின் ஆங்கில மூலம் "அ ஹீட் எக்ஸ்சேஞ்சர் கம்ப்ரைசிங்" என்று தொடங்கி நான்கு உறுப்புகளை அடுக்குகிறது: முதல் பாய்மத்துக்கான வாய்கள் கொண்ட ஷெல், அதன் முனையோடு இணைந்த டியூப் ஷீட், "ப்ளூராலிட்டி ஆஃப் டியூப்ஸ்", "அட் லீஸ்ட் ஒன் பேஃபிள்". கடைசியில் "வேர்இன்" என்று ஒரு நிபந்தனை: பேஃபிளின் ஒவ்வொரு திறப்புக்கும் அதன் வழியே செல்லும் டியூபுக்கும் இடையே உள்ள இடைவெளி 0.5 மி.மீ.-க்கு மிகக்கூடாது. இந்த இடைவெளியில்தான் கண்டுபிடிப்பே இருக்கிறது. அது அகலமாக இருந்தால் ஷெல் பக்கப் பாய்மம் டியூப்களைக் குறுக்கே கடக்காமல் அந்தச் சந்து வழியே நழுவிவிடும், டியூப்கள் அதிரவும் தொடங்கும்.

படி 1: பெயர்ச்சொற்களின் பட்டியல்

மொழிபெயர்க்கத் தொடங்குமுன் கோரலில் வரும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் எழுதிக்கொள்ளுங்கள். அது முதலில் எங்கே அறிமுகமாகிறது, பின்னர் எங்கே திரும்பி வருகிறது என்று குறியுங்கள். விதி ஒன்றுதான்: மூலத்தில் ஒரு சொல்லுக்குத் தமிழில் ஒரு சொல், தமிழில் ஒரு சொல்லுக்கு மூலத்தில் ஒரு சொல். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் மறக்கிறார்கள். மூலத்தில் ஓரிடத்தில் "டியூப்", வேறொரு கோரலில் "பைப்", இன்னொன்றில் "காண்டியூட்" என்று வந்தால் மூன்றையும் "குழாய்" என்று எழுதத்தான் கை போகும். ஆனால் கோரல்களில் சொல் வேறானால் பொருளும் வேறு என்ற ஊகத்தோடுதான் வாசிப்பார்கள். மூன்றையும் ஒன்றாக்கினால் அந்த வேறுபாடு அழிந்துவிடும். பள்ளியில் கற்ற "சொன்ன சொல்லையே திரும்பச் சொல்லாதே" என்ற நடையழகை இங்கே வாசலிலேயே விட்டுவிடுங்கள். ஒரே சொல் பன்னிரண்டு முறை வந்தால் பன்னிரண்டு முறையும் வரட்டும்.

சொல்தேர்வில் நான் பட்ட அடி ஒன்றைச் சொல்கிறேன். என் தொடக்க கால வேலை ஒன்றில் "ஃப்ளூயிட்" என்பதைத் "திரவம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வாசித்த பொறியாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அப்போ இதுல நீராவி ஓடினா அது எங்க கோரலுக்குள்ள வராதா, சார்?" வரத்தான் வேண்டும், ஏனென்றால் மூலச்சொல் திரவம், வாயு இரண்டையும் குறிக்கும். "திரவம்" என்று எழுதியதும் வாயு ஓடும் பரிமாற்றிகள் அத்தனையும் வேலிக்கு வெளியே போய்விட்டன. பாடநூல்களில் பழகிய "பாய்மம்" என்ற சொல் சரியாகப் பொருந்துகிறது, அதையே பயன்படுத்துங்கள்.

பேஃபிள் இதைவிடத் தந்திரமானது. அகராதி பார்த்துத் "தடுப்புத் தகடு" என்று எழுதினால் அழகாக இருக்கும், புரியவும் செய்யும். ஆனால் மூலச்சொல்லில் தகடு இல்லை. தகட்டுக்குப் பதிலாகக் கம்பிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் இடைவெளிகளில் டியூப்களைத் தாங்கும் பேஃபிள்களும் இந்தத் துறையில் உண்டு. "தகடு" என்ற ஒற்றைச் சொல் அவற்றை வெளியே தள்ளிவிடும். "திசைதிருப்பி" என்று எழுதினால் தகடு போய்விடும், ஆனால் மூலம் கேட்காத ஒரு செயல் நிபந்தனை நுழைந்துவிடும். அதனால் நான் "பேஃபிள்" என்றே எழுதுகிறேன். ஷெல், டியூப் ஷீட், டியூப் ஆகியவையும் அப்படியே. பட்டறையில் வேலை செய்பவர்கள் இந்தச் சொற்களைத்தான் புழங்குகிறார்கள் என்பது ஒரு வசதி. கடன்சொல் மூலத்தின் எல்லையை அப்படியே தூக்கிக்கொண்டு வரும் என்பதுதான் உண்மையான காரணம். தனித்தமிழ் ஆர்வலர்கள் கோபித்துக்கொள்ளலாம். கட்டுரை என்றால் நானும் "குழல்", "கூடு" என்று எழுதுவேன்.

இதே கண்ணோடு "ஓப்பனிங்" என்ற சொல்லையும் பாருங்கள். "துளை" என்றால் நான்கு பக்கமும் அடைபட்ட வட்டம் மனத்தில் வரும். பேஃபிளின் ஓரத்தில் வெட்டிய பிளவோ, கம்பிகளுக்கு இடையிலான சந்தோ துளை ஆகுமா என்று வாதாட இடம் கிடைத்துவிடும். "திறப்பு" என்றால் அந்த வாதம் மூலத்தில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவோடு நிற்கும்.

படி 2: "உள்ளடக்கியது", "மட்டுமே கொண்டது"

கோரலின் முகப்பையும் உடலையும் இணைக்கும் சொல் "கம்ப்ரைசிங்" என்றால் பட்டியல் திறந்தது. சொன்னவை எல்லாம் இருக்க வேண்டும், சொல்லாதவையும் இருக்கலாம். "கன்சிஸ்டிங் ஆஃப்" என்றால் பட்டியல் மூடியது. முதலாவதுக்கு "உள்ளடக்கியது", இரண்டாவதுக்கு "மட்டுமே கொண்டது" என்று நிலையாக வைத்துக்கொள்கிறேன். வெறும் "கொண்டது" என்பதை இரண்டுக்குமே பயன்படுத்துவதில்லை, ஏனென்றால் அது இரண்டு பக்கமும் சாயும். "இவற்றால் ஆனது" என்பதும் கூடாது. அது மூடிய பட்டியல்போல ஒலிக்கும்.

இந்தச் சொல்லைச் சரியாக எழுதிவிட்டு வாக்கியத்தின் கடைசியில் கோட்டை விடுவதையும் பார்த்திருக்கிறேன். "ஷெல், டியூப் ஷீட், டியூப்கள், பேஃபிள் ஆகிய நான்கையும் உள்ளடக்கியது" என்று எழுதினால், "நான்கையும்" என்ற எண்ணும் அதிலுள்ள உம்மையும் சேர்ந்து கதவைச் சாத்திவிடும். தமிழில் இது முற்றும்மை. "நால்வரும் வந்தார்கள்" என்றால் ஐந்தாவது ஆள் இல்லை என்றுதானே கொள்கிறோம்? எதிர்ப்பக்கத்தில் "முதலியவை", "போன்றவை" என்று முடித்தால், சொன்னவையே வெறும் எடுத்துக்காட்டுகள் என்றாகிவிடும். இரண்டும் வேண்டாம். "பின்வருவனவற்றை உள்ளடக்கியது" என்று முன்னாலேயே சொல்லிவிட்டு உறுப்புகளை வரி வரியாக அடுக்குவதே பாதுகாப்பு.

படி 3: ஒன்று, இரண்டு, பல

"ப்ளூராலிட்டி" என்றதும் "பல" என்று எழுதுவது இயல்பு. கோரல் மொழியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு இருந்தாலே போதும். தமிழில் "பல டியூப்கள்" என்றால் இரண்டு டியூப் உள்ள கருவி யாருக்கும் நினைவுக்கு வராது, "இரண்டு எப்படிப் பலவாகும்?" என்று எதிர்த்தரப்பு கேட்டால் பதில் சொல்வது கடினம். "ஒன்றுக்கு மேற்பட்ட டியூப்கள்" என்று எழுதுங்கள். "அட் லீஸ்ட் ஒன்" என்பதற்குக் "குறைந்தது ஒரு" போதும்.

"ஒரு" என்ற சொல் இருக்கிறதே, அது பெரும்பாலும் தீங்கு செய்யாது. "ஒரு ஷெல்" என்பது ஏதோ ஒரு ஷெல்லைச் சுட்டுமே தவிர எண்ணிக்கையை வலியுறுத்தாது. "ஒரே ஷெல்" என்றோ "ஒரு ஷெல் மட்டும்" என்றோ அது திரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஒரு பொருள் முதன்முறை வரும்போது "ஒரு", மறுபடி வரும்போது "அந்த" என்று விடாமல் எழுதுங்கள். தமிழில் "அந்த" இல்லாமலே வாக்கியம் ஓடும், வாசிக்கவும் சுகமாக இருக்கும். ஆனால் இது அதே ஷெல்தானா, வேறொன்றா என்ற கேள்விக்கு அந்தச் சுட்டைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

அஃறிணையில் பன்மை விகுதியை விட்டுவிடுவது நம் பழக்கம். "நாலு மாடு வந்தது" என்கிறோம், யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. கோரலில் மட்டும் இந்தப் பழக்கத்துக்கு விடுமுறை கொடுங்கள். மூலத்தில் பன்மை என்றால் "திறப்புகள்", "டியூப்கள்" என்று விகுதியோடு வரட்டும். "ஈச்" என்பதற்கு "ஒவ்வொரு டியூபும்" என்று எழுதுங்கள். "டியூப்கள்" என்று மட்டும் விட்டால், எல்லா டியூபுக்கும் பொருந்த வேண்டிய நிபந்தனை சிலவற்றுக்குப் பொருந்தினாலே போதும் என்று ஆகிவிடக்கூடும்.

"முதல் பாய்மம்", "இரண்டாம் பாய்மம்" என்பவை வெறும் அடையாளப் பெயர்கள். "முதன்மைப் பாய்மம்" என்றோ, இரண்டாவதை "வேறொரு பாய்மம்" என்றோ எழுதாதீர்கள். இரண்டு பக்கமும் தண்ணீரே ஓடும் பரிமாற்றிகள் உண்டு.

படி 4: எச்சத்தில் ஒளிந்திருக்கும் காலம்

எனக்கு மிகவும் பிடித்த பொறி இதுதான், ஏனென்றால் இது ஆங்கிலத்தில் இல்லை, நம் இலக்கணத்தில் இருக்கிறது. தமிழ்ப் பெயரெச்சம் காலம் காட்டும். "பாய்மம் ஓடிய டியூப்", "ஓடுகின்ற டியூப்", "ஓடும் டியூப்" மூன்றும் மூன்று செய்தி.

மூலத்தில் ஒவ்வொரு டியூபும் "கன்ஃபிகர்டு டு கேரி அ செகண்ட் ஃப்ளூயிட்" என்று இருக்கிறது. இதை "இரண்டாம் பாய்மம் ஓடுகின்ற டியூப்கள்" என்று எழுதிப் பாருங்கள். இப்போது டியூபுக்குள் பாய்மம் ஓடிக்கொண்டிருந்தால்தான் கோரல் நிறைவேறும். கிடங்கில் பெட்டிக்குள் காய்ந்து கிடக்கும் கருவி, கடைக்குப் போகும் வழியில் லாரியில் இருக்கும் கருவி இரண்டும் கோரலுக்கு வெளியே. போலியைத் தயாரிப்பவரைப் பிடிக்க வேண்டிய கோரல், அதை வாங்கி இயக்குபவரை மட்டும் பிடிக்கும் கோரலாகச் சுருங்கிவிட்டது. ஓர் எச்சம் செய்த வேலை இது.

"கொண்டுசெல்லும் வகையில் அமைக்கப்பட்டது" என்பதே சரியானது. நிபந்தனை டியூபின் அமைப்பைப் பற்றியதாக நிற்கிறது, ஓட்டத்தைப் பற்றியதாக இல்லை. இதன் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கலக்காதீர்கள். "கொண்டுசெல்லக்கூடிய" என்றால் முடிந்தாலே போதும், அது இன்னும் அகலம். "கொண்டுசெல்ல ஏற்ற" என்பது மூலத்தில் "சூட்டபிள் ஃபார்" வந்தால் மட்டும். "முதல் பாய்மத்துக்கான நுழைவாய்" என்பதில் உள்ள "ஆன", வெறும் "ஃபார்" என்பதற்கு நேர்.

"இணைக்கப்பட்ட" என்ற இடத்திலும் இதே நிதானம் தேவை. டியூப் ஷீட் ஷெல்லோடு பற்றவைக்கப்பட்டிருக்கலாம், போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கலாம். படத்தில் பற்றவைப்பு தெரிகிறது என்பதற்காக "பற்றவைக்கப்பட்ட" என்று எழுதிவிடக் கூடாது. "நேரடியாக" என்றும் சேர்க்கக் கூடாது. நடுவில் ஒரு ஃபிளாஞ்சு இருந்தால் அந்தச் சொல் வம்பு வளர்க்கும்.

படி 5: அடைமொழி யாரைப் பிடிக்கிறது

ஆங்கிலக் கோரல் பெயரை முதலில் சொல்லிவிட்டு விளக்கத்தைப் பின்னால் தொங்கவிடும். தமிழில் விளக்கம் முன்னால் வர வேண்டும். நீளமான விளக்கங்கள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் எது எதைத் தழுவுகிறது என்பது குழம்பும். என் வரைவில் ஒருமுறை வந்த வரி:

"டியூப்கள் கடந்துசெல்லும் திறப்புகளை உடைய அந்த ஷெல்லுக்குள் குறுக்காக அமைந்த பேஃபிள்"

திறப்புகள் யாருக்கு? வாசித்தால் ஷெல்லுக்கு என்றுதான் படுகிறது. மூலத்தில் அவை பேஃபிளுக்கு. காற்புள்ளி போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் காற்புள்ளியை நம்பி எல்லைக்கல் நடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு விளக்கத்தை முன்னால் வைத்து, மற்றதைப் பெயருக்குப் பின்னால் "அந்தப் பேஃபிள்..." என்று மீண்டும் தொடங்கி எழுதிவிடுங்கள். கொஞ்சம் கட்டையாக இருக்கும், ஆனால் யாரும் தவறாக வாசிக்க முடியாது.

ஒவ்வோர் உறுப்பையும் தனி வரியில், அரைப்புள்ளியோடு எழுதுங்கள். மூலத்தில் எண்கள் இல்லையென்றால் நீங்களாக 1, 2, 3 சேர்க்காதீர்கள், வரிசைமுறை இருப்பதுபோல் தோன்றும். அடைப்புக்குள் படத்தின் குறியெண்கள் இருந்தால் அவற்றை அப்படியே அந்தந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

படி 6: அளவும் தோராயமும்

"0.5 மி.மீ.-க்கு மிகாதது" என்றால் சரியாக 0.5 உள்ளே. "0.5 மி.மீ.-க்குக் குறைவானது" என்றால் 0.5 வெளியே. இந்த இடைவெளி ஆரத்தில் அளப்பதா, விட்டத்தில் அளப்பதா என்று மூலம் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடையே இரு மடங்கு வேறுபாடு இருக்கிறது. விளக்கவுரையைப் படித்தால் உங்களுக்குத் தெரிந்துவிடலாம். தெரிந்தாலும் கோரலுக்குள் எழுதாதீர்கள். வேலை கொடுத்தவருக்குத் தனிக் குறிப்பாக அனுப்புங்கள். மூலத்தில் தெளிவில்லாதது தமிழிலும் அதே அளவு தெளிவில்லாமல் இருப்பதுதான் இங்கே நேர்மை.

"டிரான்ஸ்வர்ஸ்லி" என்பதைக் "குறுக்காக" என்றே விடுங்கள். "செங்குத்தாக" என்றால் 90 பாகை ஆகிவிடும், சாய்வாக நிற்கும் பேஃபிள் வெளியேறிவிடும். இந்தக் கோரலைச் சார்ந்து எழுதிய சார்புக் கோரல் ஒன்றில் டியூப்கள் "சப்ஸ்டான்ஷியலி பேரலல்" என்று வருகிறது. இதற்குப் "பெரும்பாலும் இணையாக" என்று எழுதினால் பெரும்பாலான டியூப்கள் இணை, சில இல்லை என்று பொருள் திரும்பிவிடும். "ஏறக்குறைய இணையாக" என்பது சரி.

எல்லாம் சேர்ந்து நம் கோரல் இப்படி நிற்கிறது:

ஒரு வெப்பப் பரிமாற்றி, அது பின்வருவனவற்றை உள்ளடக்கியது:

ஒரு முதல் பாய்மத்துக்கான ஒரு நுழைவாயையும் ஒரு வெளிவாயையும் உடைய ஒரு ஷெல்;

அந்த ஷெல்லின் ஒரு முனையுடன் இணைக்கப்பட்ட ஒரு டியூப் ஷீட்;

அந்த டியூப் ஷீட்டிலிருந்து அந்த ஷெல்லுக்குள் நீளும் ஒன்றுக்கு மேற்பட்ட டியூப்கள், அவற்றில் ஒவ்வொரு டியூபும் ஓர் இரண்டாம் பாய்மத்தைக் கொண்டுசெல்லும் வகையில் அமைக்கப்பட்டது; மற்றும்

அந்த ஷெல்லுக்குள் அந்த டியூப்களுக்குக் குறுக்காக அமைந்த குறைந்தது ஒரு பேஃபிள், அந்தப் பேஃபிள் அந்த டியூப்கள் கடந்துசெல்லும் திறப்புகளை உடையது;

இதில், ஒவ்வொரு திறப்புக்கும் அதன் வழியே கடந்துசெல்லும் டியூபுக்கும் இடையேயான இடைவெளி 0.5 மி.மீ.-க்கு மிகாதது.

படி 7: கற்பனைக் கருவிகளால் சோதிப்பது

தமிழை இன்னொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பி எழுதச் சொல்வது வழக்கமான சோதனை. பயனுண்டு, ஆனால் நன்கு தெரிந்த ஒருவர் திருப்பி எழுதும்போது "திரவம்" என்பதையும் பழக்கத்தில் "ஃப்ளூயிட்" ஆக்கிவிடுவார், பிழை மறைந்துவிடும். நான் நம்புவது வேறொரு சோதனை. எல்லையின் மேலேயே நிற்கும் சில கருவிகளைக் கற்பனை செய்து, ஒவ்வொன்றும் உள்ளேயா வெளியேயா என்று மூலத்தை மட்டும் பார்த்து ஒருவரும், தமிழை மட்டும் பார்த்து ஒருவரும் தனித்தனியே எழுத வேண்டும்.

நம் கோரலுக்கு நான் வைக்கும் கருவிகள் இவை. இரண்டே டியூப் உள்ளது. டியூபுக்குள் வாயு மட்டும் ஓடுவது. கம்பி பேஃபிள் வைத்தது. வெப்பத்தில் நீளும்போது இடம் கொடுக்கும் விரிவிணைப்பை ஷெல்லில் கூடுதலாகப் பொருத்தியது. இதுவரை எதுவுமே ஓடாத புதுக்கருவி. இடைவெளி சரியாக 0.5 மி.மீ. உள்ளது. நூறு திறப்புகளில் ஒன்றில் மட்டும் 0.6 மி.மீ. உள்ளது.

மூலத்தின்படி கடைசிக் கருவி வெளியே, ஏனென்றால் நிபந்தனை ஒவ்வொரு திறப்புக்குமானது. மற்றவை உள்ளே, கம்பி பேஃபிள் மட்டும் அதன் சந்துகளைத் திறப்பு என்று கொள்வதைப் பொறுத்தது. தமிழ்ப் பக்கத்திலும் அதே விடைகள் வர வேண்டும், கம்பி பேஃபிளில் அதே தயக்கமும் வர வேண்டும். தமிழில் வாசித்தவர் அந்தக் கருவியைத் தயங்காமல் வெளியே தள்ளினால் எங்கோ "தகடு" அல்லது "துளை" நுழைந்திருக்கிறது. புதுக்கருவியை வெளியே தள்ளினால் எச்சத்தைப் பாருங்கள். விரிவிணைப்பு உள்ளதைத் தள்ளினால் "நான்கையும்" போன்ற ஓர் உம்மை ஒளிந்திருக்கும். நூறில் ஒன்று தவறிய கருவியை உள்ளே விட்டுவிட்டால் "ஒவ்வொரு" எங்கோ விழுந்துபோயிருக்கிறது.

விடை மாறிய இடத்தைத் திருத்திவிட்டு, அந்தச் சொல் வரும் எல்லாக் கோரல்களிலும் அதே திருத்தத்தைச் செய்துவிட்டு, எல்லாக் கருவிகளையும் மறுபடி முதலிலிருந்து ஓட்டுங்கள். ஒரு சொல்லை மாற்றும்போது வேறோர் இடத்தில் எல்லை நகர்வது எனக்குப் பலமுறை நடந்திருக்கிறது. "துளை"யைத் "திறப்பு" ஆக்கிய அன்று, ஷெல்லின் நுழைவாயையும் அதே கோரலில் "திறப்பு" என்று எழுதி வைத்திருந்தது இரண்டாவது ஓட்டத்தில்தான் கண்ணில் பட்டது.